‘சாப்பிட்டு செல்லுமாறு’: ஒரு புதுமனை புகுவிழா அழைப்பிதழைத் திருத்திய கதை

2025 ஆடிப்பெருக்கு அன்று இரவு ஒன்பதரை மணிக்கு அக்கா மகனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி. “மாமா, பத்திரிகை மேட்டர் ரெடி. ஒரு பார்வை பாத்துட்டுச் சொல்லுங்க. நாளைக்கு அச்சகத்துக்குக் குடுக்கணும்.” ஆடி மாதத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது, ஆடிப்பெருக்கு மட்டும் விலக்கு என்பது அக்கா வீட்டு வழக்கம். அதனால் அன்றைக்கே எழுதி முடித்துவிட்டார்கள். நான் இருபது வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறவன். குடும்பத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பத்திரிகை என்னிடம் ஒரு முறை வந்துதான் போகும். பார்வை பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, படுக்க ஒன்றரை மணி ஆகிவிட்டது.

அவன் அனுப்பியதை அப்படியே தருகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> குலதெய்வம் துணை
>
> அன்புடையீர் வணக்கம்,
>
> நிகழும் மங்களகரமான ஸ்வஸ்திஸ்ரீ விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 12ம் தேதி 28.08.2025 வியாழக்கிழமை பஞ்சமி திதியும் சித்திரை நட்சத்திரமும் கூடிய சுபயோக சுபதினத்தில் காலை 4.30 மணி முதல் 6.00 மணிக்குள் எங்கள் குலதெய்வத்தின் அருளாலும் பெரியோர்களின் ஆசிர்வாதத்தாலும் நாங்கள் புதியதாக கட்டி உள்ள அன்பகம் இல்லத்தின் கிரகபிரவேச விழா நடைபெற உள்ளது. அதுசமயம் தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து எங்களையும் எங்கள் வீட்டையும் ஆசிர்வதித்து விருந்து சாப்பிட்டு செல்லுமாறு கேட்டுக் கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> திரு. (அப்பா பெயர்) – திருமதி (அம்மா பெயர்)
>
> காலை டிபன் 7 மணிக்கு. அன்பளிப்பு தவிர்க்கவும்.

மோசமான வரைவு என்று சொல்ல மாட்டேன். நாள், நேரம், இடம் எல்லாம் இருக்கின்றன. பழைய பத்திரிகை நாலைந்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான் என்பதும் தெரிகிறது. ஒற்றுப் பிழைகளை நான் கடைசியில்தான் தொட்டேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதற்காக அந்நேரத்திலும் அவனைக் கூப்பிட்டேன்.

“மாப்ள, யாருடா கூப்பிடுறது?”

“நாங்கதான் மாமா.”

“நாங்கன்னா யாரு?”

வரைவை மறுபடி படித்துப் பாருங்கள். “நாங்கள் புதியதாக கட்டி உள்ள” என்று உடம்பில் இருக்கிறது. கட்டியது அவனும் அவன் மனைவியும். இருவர் பெயரிலும் வங்கிக் கடன், இருவர் சம்பளத்திலும் தவணை போகிறது. ஆனால் கீழே கையெழுத்தாக அப்பா, அம்மா பெயர். அப்படியானால் அந்த ‘நாங்கள்’ அப்பாவும் அம்மாவும் என்றாகிவிடுகிறது. வீடு கட்டிய இருவர் பெயரும் பத்திரிகையில் எங்குமே இல்லை. போதாக்குறைக்கு ‘நாங்கள்’ என்று தொடங்கியது ‘கேட்டுக் கொள்கிறேன்’ என்று ஒருமையில் முடிகிறது. மொத்தம் நாலு பேர், மூன்று குரல்.

அழைப்பிதழில் இந்த இடம் சறுக்குவதற்குக் காரணம் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் அழைப்பவர் பெற்றோர், விழா பிள்ளைகளுக்கு. அந்த இலக்கணம் ஊரறிந்தது, வாய்பாடாகவே இருக்கிறது. புதுமனை புகுவிழாவில் பழைய வழக்கப்படி வீட்டைக் கட்டியவரே குடும்பத் தலைவர், அவரே அழைப்பவர். இப்போது கட்டுகிறவர் முப்பத்திரண்டு வயசுப் பையன். உறவுக்காரர்களை அவன் பெயரில் அழைத்தால் பெரியப்பாக்கள் முகம் சுளிப்பார்கள். அப்பா பெயரில் அழைத்தால் வீடு அப்பா கட்டியதாகிவிடும். ஆகவே கல்யாணப் பத்திரிகையின் அமைப்பையே இங்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்: பெற்றோர் அழைக்கட்டும், “எங்கள் மகன் இன்னார், மருமகள் இன்னார் ஆகியோரின் புதுமனை புகுவிழா” என்று போகட்டும்.

அவன் சரி என்றான். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான். பக்கத்தில் அவன் மனைவி ஏதோ சொல்வது கேட்டது. “மாமா, அவங்க அப்பா அம்மா பேரும் வரணும். முன்பணத்துல பாதி அவங்க குடுத்தது.”

நியாயமான பேச்சுதான். ஆனால் நாலு பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்டால் ‘எங்கள் மகன், மருமகள்’ என்பது நிற்காது. பெண்ணைப் பெற்றவருக்கு அவள் மருமகள் இல்லை, மகள். ‘எங்கள் மக்கள்’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். ‘மக்கட்பேறு’ என்ற பொருளில் அது நல்ல சொல், ஆனால் இன்றைக்கு அச்சில் அதைப் பார்க்கிறவருக்குப் பொதுமக்கள்தான் நினைவுக்கு வரும். கடைசியில் கைகொடுத்தது ரொம்பச் சாதாரணமான சொல்: பிள்ளைகள். மகன், மகள், மருமகன், மருமகள் நாலு பேரையும் அது அணைத்துக்கொள்ளும். சம்பந்தி வீட்டார் இருவருமே கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய சொல். “எங்கள் பிள்ளைகள் திரு. இன்னார், திருமதி இன்னார் ஆகியோரின்” என்று அந்த இடம் முடிந்தது.

அது முடிந்ததும் இன்னொன்று இடித்தது. “எங்கள் குலதெய்வத்தின் அருளாலும்” என்று இருக்கிறதே, இப்போது ‘எங்கள்’ என்பது இரண்டு குடும்பம். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குலதெய்வம் எப்படி இருக்கும்? இருந்தால் பங்காளி முறை ஆகிவிடுமே, பெண் எடுத்திருக்க முடியாது. அதனால் உடம்பில் “இறைவன் திருவருளாலும்” என்று பொதுவாக மாற்றினேன். தலைப்பில் ‘குலதெய்வம் துணை’ என்ற வரி அப்படியே நின்றது. குடிபுகும் வீட்டின் குலதெய்வம் அது. அதில் சம்பந்தி வீட்டாருக்கும் மறுப்பில்லை.

கையெழுத்தில் இருந்த ‘திரு.’, ‘திருமதி’ இரண்டையும் எடுத்தேன். தன் பெயருக்குத் தானே திரு போட்டுக்கொள்வது முறையல்ல. அதைப் பிறர்தான் போட வேண்டும். அப்படியானால் பெற்றோர் தம் பிள்ளைக்கு மட்டும் போடலாமா என்று அத்தான் மறுநாள் கேட்டார். கறாராகப் பார்த்தால் வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்தில் பத்திரிகை பிள்ளைகளைச் சபைக்கு அறிமுகம் செய்கிறது. மருமகளுக்குத் திருமதி போடாமல் வெறும் பெயர் போட்டால் அவள் வீட்டு ஆட்கள் படிக்கும்போது ஒரு மாதிரியாக இருக்கும். அவளுக்குப் போட்டுவிட்டு இவனுக்குப் போடாமல் விட்டால் அதுவும் விநோதம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதே சூட்டில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கல்யாணப் பத்திரிகைகளில் வரும் ‘திருநிறைச்செல்வன்’, ‘திருவளர்ச்செல்வி’ என்பவற்றில் ‘ச்’ வராது. நிறைசெல்வன், வளர்செல்வி என்பவை வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊரில் பாதிப் பத்திரிகை அந்த ‘ச்’சோடுதான் வருகிறது.

அடுத்தது நேரம். “காலை 4.30 மணி முதல் 6.00 மணிக்குள்” என்ற தொடரில் இரண்டு வேறு வாய்பாடுகளை ஒட்டுப் போட்டிருக்கிறான். ‘முதல்’ என்றால் அதற்கு இணை ‘வரை’. 4.30 முதல் 6.00 வரை என்றால் அந்த ஒன்றரை மணி நேரமும் காரியம் நடக்கிறது என்று பொருள். முகூர்த்தம் அப்படி இல்லை. அந்த இடைவெளிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் வாசற்படி தாண்டி உள்ளே போக வேண்டும், பால் பொங்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் நம் பத்திரிகைகளில் “4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்” என்று எழுதுகிறோம். மேல், உள் இரண்டும் எல்லைகளைக் காட்டும் சொற்கள். கீழே சிற்றுண்டி வரிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே “7 மணிக்கு” என்று எழுதியிருந்தான். ஏழு மணிக்குப் பந்தி என்றால் ஏழே காலுக்கு வருகிறவர் தயங்குவார். அங்கேதான் “7.00 மணி முதல்” வேண்டும். முதல் என்ற சொல் தப்பான வரியில் உட்கார்ந்திருந்தது, இடம் மாற்றினால் சரியாகிவிட்டது.

நேரத்தில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அதில் “ஆவணி 11 புதன் பின்னிரவு 4.30க்கு மேல் 6க்குள்” என்று இருந்தது. இவன் வரைவில் ஆவணி 12, வியாழன். அக்கா பதறிவிட்டாள். “என்னடா இது, நாளையே மாத்திட்டானா?”

மாற்றவில்லை. பஞ்சாங்கக் கணக்கில் கிழமை என்பது சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரை. திருச்சிப் பக்கம் ஆவணியில் ஆறு மணி வாக்கில் விடிகிறது. விடியாத வரைக்கும் ஜோசியருக்கு அது புதன்கிழமைதான். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே தேதி மாறிவிடுகிறது, 4.30 மணி என்றால் 28ஆம் தேதி, வியாழன். இரண்டு கணக்கும் சரி. இரண்டில் பாதி பாதி எடுத்தால்தான் வம்பு. “ஆவணி 11ஆம் நாள் (28-08-2025) வியாழக்கிழமை” என்று அச்சான பத்திரிகையை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்த் தேதி ஜோசியர் சீட்டிலிருந்து, ஆங்கிலத் தேதி கைபேசியிலிருந்து. படிக்கிறவர் நாள்காட்டியைக் கிழித்துப் பார்த்தால் எது நிஜம் என்று குழம்புவார்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் “புதன்கிழமை பின்னிரவு, வியாழன் விடியற்காலை” என்று இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். அழகான தொடர், எனக்குப் பிடிக்கும். ஆனால் இன்றைக்கு ‘புதன்கிழமை’ என்ற சொல் கண்ணில் பட்டதுமே புதன் ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பி வருகிறவர் உண்டு, புதன் காலையிலேயே வந்து பூட்டின வீட்டு முன்னால் நிற்கிறவரும் உண்டு. அதிலும் 27ஆம் தேதி புதன் விநாயகர் சதுர்த்தி, எல்லோருக்கும் விடுமுறை. தவறாக வந்து சேர அதைவிடத் தோதான நாள் வேறில்லை. அதனால் ஆவணி 12, 28-08-2025, வியாழக்கிழமை என்று மூன்றும் ஒரே கணக்கில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். ‘காலை’ என்பதை மட்டும் ‘அதிகாலை’ ஆக்கினேன். வெளியூரிலிருந்து வருகிறவர் முதல் நாளே வந்து தங்க வேண்டும் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். ஆறு மணி என்ற எல்லை ஏன் என்று மருமகப் பெண் கேட்டாள். வியாழக்கிழமை எமகண்டம் காலை 6.00 முதல் 7.30 வரை. அதற்கு முன்னால் உள்ளே போயாக வேண்டும். இதெல்லாம் பத்திரிகையில் வர வேண்டியதில்லை, ஆனால் இடம் போதவில்லை என்று “6.00 மணிக்குள்” என்பதை யாராவது வெட்டினால் விடக்கூடாது என்பதற்காகத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி விழாவின் பெயர். “கிரகபிரவேச விழா” என்று எழுதியிருந்தான். ‘ப்’ விட்டுப்போனது சின்னக் குறை. பெரிய குறை கிரகத்தில் இருக்கிறது. வடமொழியில் வீட்டுக்கு க்ருஹம், கோளுக்கு க்ரஹம். தமிழில் வீட்டைக் குறிக்கக் கிருகம் என்று எழுதும் வழக்கு இருந்தது. பேச்சில் தேய்ந்து தேய்ந்து அதுவும் கிரகம் ஆகிவிட்டது. இப்போது ‘கிரகப்பிரவேசம்’ என்று எழுதினால் ஒன்பது கோள்களில் ஒன்றுக்குள் போவது போலவும் படிக்கலாம். பேச்சில் யாரும் அப்படிப் புரிந்துகொள்ளப் போவதில்லை, நானே வாயால் கிரகப்பிரவேசம் என்றுதான் சொல்கிறேன். கன்னியாகுமரிப் பக்கம் போனால் பால்காய்ப்பு என்பார்கள், அதுவும் காதுக்கு இதம். ஆனால் அச்சில், தலைப்பில், பெரிய எழுத்தில் வருவதற்குப் ‘புதுமனை புகுவிழா’ போல் அமைவது ஒன்றும் இல்லை.

அதில் ஒற்று வருமா என்பது நிரந்தரச் சண்டை. ‘புதுமனைப் புகுவிழா’ என்று எழுதுகிற தமிழாசிரியர்களும் உண்டு. மனையில் புகுதல் என்று ஏழாம் வேற்றுமையாகப் பிரித்தால் அவர்கள் வழி. மனையைப் புகுதல் என்று பிரிப்பது என் வழி. ‘மனை புகுந்தாள்’, ‘நீர் குடித்தான்’ என்பவற்றைப் போல இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது. சொல்லிப் பார்த்தாலும் ஒற்றில்லாமல் நாக்கு தங்குதடையின்றிப் போகிறது. எதுவானாலும் சரி, தலைப்பில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வரக்கூடாது. ‘புகுவிழா’ மட்டும் ஒரே சொல்லாகச் சேர்ந்து நிற்க வேண்டும். புகுந்த, புகுகின்ற, புகும் என்று மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை அது, நடுவில் இடைவெளி விட்டால் உடைந்துவிடும்.

பெயரை இப்படி மாற்றியதும் அதன் முன்னால் இருந்த “நாங்கள் புதியதாக கட்டி உள்ள அன்பகம் இல்லத்தின்” என்பது தேவையில்லாமல் போனது. பிழை திருத்தினால் “புதிதாகக் கட்டியுள்ள” என்று வரும். திருத்தி எழுதிப் பார்த்தேன்: புதிதாகக் கட்டியுள்ள இல்லத்தின் புதுமனை புகுவிழா. புது இரண்டு தடவை, வீடு இரண்டு தடவை. பிழை இல்லை, ஆனால் மூச்சு முட்டுகிறது. அந்தத் துண்டையே எடுத்துவிட்டு வீட்டை இடமாக்கினேன்: “எங்கள் பிள்ளைகள் ஆகியோரின் புதுமனை புகுவிழா, இன்ன நாளில், இன்ன நேரத்தில், ‘அன்பகம்’ இல்லத்தில் நடைபெற உள்ளது.” யாருடைய விழா, எப்போது, எங்கே என்று ஒழுங்காக வந்து வினைமுற்றில் இறங்குகிறது. அருளும் ஆசியும் நாள் நட்சத்திரத்துக்கு முன்னால் போய்விட்டன. வரைவில் அவை நேரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, 6.00 மணிக்குள் குலதெய்வம் அருள வேண்டும் என்பது போல் இருந்தது. அகம் என்றாலே இல்லம்தானே, ‘அன்பகம் இல்லம்’ எதற்கு என்று கேட்கலாம். வெறும் ‘அன்பகத்தில்’ என்று போட்டால் ஏதோ மண்டபம் என்று நினைப்பார்கள். மேற்கோள் குறி போட்டுவிட்டு அந்த இரட்டிப்பைப் பொறுத்துக்கொண்டேன்.

‘நிகழும் மங்களகரமான ஸ்வஸ்திஸ்ரீ’ என்பதில் மங்களகரமும் ஸ்வஸ்தியும் சொல்வது ஒன்றைத்தான். ஸ்வஸ்திஸ்ரீ போனது. ‘சுபயோக சுபதினத்தில்’ என்பதில் ஒரு சுபம் போனது. திதி, நட்சத்திரம் என்பவற்றை நான் தொடவில்லை. தூய தமிழ் வேண்டும் என்று அங்கே விண்மீன் என்று போட்டால் ஜோசியரே சிரிப்பார். முழுத் தூய தமிழில் பத்திரிகை அடிக்கிறவர்கள் திருவள்ளுவர் ஆண்டு 2056 என்று தொடங்கி, திதி நட்சத்திரம் இல்லாமலேயே அழகாக முடிக்கிறார்கள். அது வேறு மரபு, முழுசாகச் செய்தால் நன்றாக இருக்கும். ஒன்றின் வேட்டிக்கு இன்னொன்றின் கரை போட்டால்தான் பொருந்தாது.

இப்போது கடைசி வாக்கியம். எனக்கு ரொம்ப உறுத்தியது இதுதான்: “விருந்து சாப்பிட்டு செல்லுமாறு கேட்டுக் கொள்கிறேன்.” ‘சாப்பிட்டுச் செல்லுமாறு’ என்று ஒற்றுப் போட்டால் இலக்கணப்படி சரி. ஆனால் வாங்க என்று கூப்பிடுகிற காகிதம் போங்க என்று முடிகிறது. விடைபெறுகிறவர்கூட ‘போறேன்’ என்று சொல்லாத ஊர் நம்முடையது. போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வார். அழைக்கிறவரே விருந்தாளியின் புறப்பாட்டை எழுதிக் கொடுக்கலாமா? ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்பதும் அலுவலகச் சுற்றறிக்கைத் தொனி. பணியாளர்கள் அடையாள அட்டை அணிந்து வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், அந்தக் குடும்பத்துச் சொல். அழைப்பிதழுக்கு ‘வேண்டுகிறோம்’ போதும்.

‘சாப்பிட்டு’ என்பதற்கு முதலில் ‘விருந்துண்டு’ என்று எழுதினேன். அது கொஞ்சம் செய்யுள் வாடை. “விருந்திலும் கலந்துகொண்டு” என்பது உரைநடையில் இயல்பாக அமர்ந்தது. அந்த ‘உம்’ முக்கியம். விருந்துக்காக மட்டும் கூப்பிடவில்லை என்பதை அது சொல்லிவிடுகிறது. ‘ஆசிர்வதித்து’ என்பதை ஆசீர்வதித்து என்று நெடிலாக்கினால் எழுத்துப் பிழை தீரும். ஆனால் இந்தப் பத்திரிகை அவனுடைய அலுவலக நண்பர்களுக்கும் போகிறது. இருபத்தைந்து வயசுப் பையன் அறுபது வயசு அத்தானை எப்படி ஆசீர்வதிப்பான்? “எங்கள் பிள்ளைகளை வாழ்த்தி” என்றால் எந்த வயதுக்காரரும் செய்யலாம். ‘அதுசமயம்’ என்பதற்கு ‘அவ்வமயம்’. அ, அமயம் இரண்டும் சேர்ந்தது. பழைய சொல்தான், ஆனால் பத்திரிகையில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ‘தாங்கள் தங்கள் சுற்றமும்’ என்பதில் தங்கள் தேவையில்லை. தாங்கள் ஒன்றே மரியாதைக்குப் போதும்.

‘அன்பளிப்பு தவிர்க்கவும்’ என்ற வரியில்தான் வீட்டுக்குள் சண்டை வந்தது. பிள்ளைகளுக்கு அது வேண்டும். சுவர்க் கடிகாரமும் பிள்ளையார் சிலையும் பத்துப் பத்தாக வந்து சேரும் என்று பயம். தவிர்க்கவும் என்பது ‘குப்பை கொட்டக் கூடாது’ பலகையின் தொனி என்பதால் “அன்பளிப்புகளைத் தவிர்க்க அன்புடன் வேண்டுகிறோம்” என்று மென்மையாக்கிக் கொடுத்தேன். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து மொய் நோட்டை எடுத்து வந்து வீடியோ அழைப்பில் காட்டினார். இருபது வருஷமாக அவர் செய்த மொய் எல்லாம் பெயர் பெயராக இருந்தது. “நான் செஞ்சதைத் திருப்பிச் செய்ய வர்றவன்கிட்ட வேண்டாம்னு அச்சடிச்சா, அவன் கடன் எப்பத் தீரும்? அவன் மனசுல என்ன நெனப்பான்?” என்றார். அவர் சொல்வது சரி. மொய்யை அன்பளிப்பு என்ற சொல்லில் அடக்கி வேண்டாம் என்று சொல்வது சிலருக்கு அவமதிப்பாகவே படும். எவ்வளவு நயமாக எழுதினாலும் சரிப்படாத வரி அது. நீக்கிவிட்டோம். அலுவலக நண்பர்களிடம் பிள்ளைகள் வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொள்வது என்று ஏற்பாடு.

மிச்சமெல்லாம் சில்லறை. ‘12ம்’ என்பது 12ஆம்; எண்ணோடு ‘ம்’ மட்டும் ஒட்டினால் படிக்க வராது. ‘தேதி’க்கு நாள், டிபனுக்குச் சிற்றுண்டி. ‘இப்படிக்கு’ கடிதத்துக்கானது, இங்கே ‘தங்கள் நல்வரவை நாடும்’. ‘அன்புடையீர்’ விளி என்பதால் அதற்கடுத்துக் காற்புள்ளி, வணக்கத்துக்கு அடுத்து முற்றுப்புள்ளி. அவன் இடம் மாற்றிப் போட்டிருந்தான்.

முடிவான வடிவம் இது:

> குலதெய்வம் துணை
>
> புதுமனை புகுவிழா அழைப்பிதழ்
>
> அன்புடையீர், வணக்கம்.
>
> இறைவன் திருவருளாலும் பெரியோர்களின் நல்லாசியாலும், எங்கள் பிள்ளைகள் திரு. (பெயர்), திருமதி (பெயர்) ஆகியோரின் புதுமனை புகுவிழா, நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 12ஆம் நாள் (28-08-2025) வியாழக்கிழமை, பஞ்சமி திதியும் சித்திரை நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள் ‘அன்பகம்’ இல்லத்தில் நடைபெற உள்ளது.
>
> அவ்வமயம் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து, எங்கள் பிள்ளைகளை வாழ்த்தி, விருந்திலும் கலந்துகொண்டு எங்களை மகிழ்விக்க அன்புடன் வேண்டுகிறோம்.
>
> தங்கள் நல்வரவை நாடும்,
> (மணமகன் வீட்டுப் பெற்றோர் பெயர்கள்)
> (மணமகள் வீட்டுப் பெற்றோர் பெயர்கள்)
>
> காலை 7.00 மணி முதல் சிற்றுண்டி

அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பத்திரிகை கண்ணால் படிக்கிறதைவிட வாயால் வாசிக்கப்படுவதுதான் அதிகம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு யாராவது ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவார். மூச்சு எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் ‘புகுவிழா’வுக்கும் ‘சுபதினத்தில்’ என்பதற்கும் பின்னால் காற்புள்ளி வைத்தேன்.

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தபோது நான் கொடுத்த உரை அதில் இல்லை. அவர்கள் பழைய எழுத்துருவில் வேலை செய்கிறவர்கள், நாம் அனுப்புவதை ஒட்டினால் கட்டம் கட்டமாக வருமாம். அதனால் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டெழுதியிருக்கிறார்கள். 12ஆம் மறுபடியும் 12ம் ஆகியிருந்தது. கை பழக்கம், குற்றம் சொல்ல முடியாது. தலைப்பு பெரிய எழுத்தில் நடுவாக அமைக்கப்பட்டு, இடம் போதாமல் ‘புதுமனை புகு’ என்று ஒரு வரியும் ‘விழா அழைப்பிதழ்’ என்று அடுத்த வரியுமாக நின்றது. எழுத்தை இரண்டு புள்ளி குறைத்து, ‘அழைப்பிதழ்’ என்பதை மட்டும் கீழே இறக்கச் சொன்னேன். ‘மேல்’ என்பது ‘மேள்’ ஆகியிருந்ததை அக்காதான் கண்டுபிடித்தாள். மூன்றாவது மெய்ப்பில் எல்லாம் சரி. முந்நூறு அடித்தார்கள்.

அட்டை கைக்கு வந்த அன்று சாயங்காலம் குடும்பக் குழுவில் அதன் படம் வந்தது. அவ்வமயம், நல்வரவு எல்லாம் பொன் எழுத்தில் பளபளவென்று இருந்தன. அதற்குக் கீழே அக்கா மகன் தன் கைப்பட எழுதியிருந்தான்: “எல்லாரும் கிரகபிரவேசத்துக்கு முந்தின நாளே வந்துருங்க. வராட்டி நான் வந்து தூக்கிட்டுப் போவேன்.”

அதை நான் திருத்தவில்லை.